ஆடி கடைசியில் பத்திரிகை வேலை குவிகிறது: இரண்டாவது மிஷின் வாங்கலாமா?

புதுகை_அச்சகம் | 24-06-2025

எல்லாருக்கும் வணக்கம். புதுக்கோட்டையில் சின்ன அச்சகம் நடத்துறேன். இரண்டு ஸ்கிரீன் பிரிண்டிங் டேபிள், ஒரு மினி ஆஃப்செட், டி.டி.பி.க்கு இரண்டு பேர், மடிப்புக்கும் சொருகலுக்கும் நாலு அக்காமார். வருஷத்தில் எட்டு மாசம் பில் புக், நோட்டீஸ் என்று ஓடிவிடும். ஆடியில் கல்யாணமே கிடையாது, ஆனால் ஆவணிக் கல்யாணத்துக்குப் பத்திரிகை ஆடியில்தான் அடித்தாக வேண்டும். அந்த மூன்று வாரம் என் கழுத்தை நெரிக்கிறது.

போன வருஷம் ஆடி 8லிருந்து ஆடி 30 வரை 20 வேலை நாள். எடுத்தது 71 ஆர்டர், சராசரியாக ஆர்டருக்கு 400 பத்திரிகை. 14 ஆர்டர் சொன்ன தேதிக்குப் போகவில்லை. ஒரு வீட்டில் குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பி வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டு எனக்குப் போன் போட்டார்கள். அப்போது அவர்கள் பத்திரிகையில் குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தோம்.

இந்த வருஷம் அப்படி ஆகக் கூடாது. பழைய மினி ஆஃப்செட் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா, இல்லை மூன்றாவது ஸ்கிரீன் டேபிள் போடலாமா? இன்னும் ஒரு மாசம் இருக்கிறது.

---

கோவை_டிஜிட்டல் | 24-06-2025

ரெண்டும் வேண்டாங்க. இந்தக் காலத்தில் இன்னும் ஸ்கிரீனா? ஏ3 டிஜிட்டல் மிஷின் ஒண்ணு போடுங்க. பிளேட் இல்லை, செட்டிங் இல்லை, ஃபைலை அனுப்பினா அடிச்சுக்கிட்டே இருக்கும். ஒரு நாளைக்குப் பத்து ஆர்டர் அசால்ட்டா முடிக்கலாங்க. எங்க கடையில் அப்படித்தான்.

---

பழைய_கம்போஸிட்டர் | 24-06-2025

தம்பி, மிஷின் வாங்குறதுக்கு முந்தி ஒரு வேலை செய். போன வருஷ ஜாப் கவர் எல்லாம் தூக்கிப் போட்டிருக்க மாட்டாய். கையில் கிடைக்கிற பத்து கவரை எடு. ஒவ்வொன்றிலும் நாலு தேதி பார்: மேட்டர் வந்த நாள், ப்ரூஃப் ஓகே ஆன நாள், அச்சு முடிந்த நாள், வீட்டுக்காரர் வாங்கிப் போன நாள். அதை இங்கே போடு. அப்புறம் பேசுவோம்.

கோவைத் தம்பி சொல்வது 100, 150 பத்திரிகை கேட்கிறவர்களுக்குச் சரி. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மெரூன் கலர் ஃபேன்ஸி அட்டையில் தங்க எழுத்து கேட்டு வந்தால் சாதா டிஜிட்டல் மிஷினில் என்ன செய்வாய்? டோனர் அந்த இருட்டு அட்டையில் தெரியவே தெரியாது. புடைப்பு இருக்கிற அட்டையில் ஒட்டவும் ஒட்டாது.

---

கோவை_டிஜிட்டல் | 24-06-2025

டார்க் அட்டைக்கு ஒத்துக்கறேங்க. உள்ளே வைக்கிற தாள் வெள்ளைதானே, அதை டிஜிட்டல்ல அடிச்சாலே பாதி வேலை குறையுமுல்ல?

---

புதுகை_அச்சகம் | 26-06-2025

அண்ணே, பத்துக்குப் பதினோரு கவர் கிடைத்தது. ஒன்றில் தேதியே எழுதவில்லை, அதை விட்டுவிட்டேன். பத்துக்குமான சராசரி:

மேட்டர் வந்து ப்ரூஃப் ஓகே ஆகிறவரை 5 நாள். ஓகே ஆனதிலிருந்து அச்சு முடியும்வரை 2 நாள். அச்சு முடிந்து மடித்து, சொருகி, குஞ்சம் கட்டி, கொடுக்கிறவரை 4 நாள். மொத்தம் 11 நாள். ஒரு கவரில் ஓகே வரவே 9 நாள் ஆகியிருக்கிறது.

எழுதிப் பார்க்கும்போதே வயிறு கலங்கியது. நான் மிஷின்தான் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மிஷினுக்குப் போனதே இரண்டு நாள்தான்.

---

பழைய_கம்போஸிட்டர் | 26-06-2025

அந்த இரண்டு நாளிலும் மிஷின் ஓடின நேரம் கொஞ்சம், வரிசையில் காத்திருந்த நேரம் மிச்சம். சரி, கணக்குக்கு வருவோம்.

நீ ஆர்டரை எண்ணுகிறாய். டேபிளுக்கு ஆர்டர் கணக்குத் தெரியாது, அதற்குத் தெரிந்தது ஸ்கிரீன் கணக்கு. ஒரு ரெடிமேட் பத்திரிகைக்கு மேல் அட்டையில் தங்க எழுத்து ஒரு ஸ்கிரீன், உள் தாளில் இரண்டு கலர் என்றால் இரண்டு ஸ்கிரீன். ஆக மூன்று. ஒரு ஸ்கிரீனைக் கட்டி, ரிஜிஸ்டர் பிடித்து, நாலு தாள் வேஸ்ட் அடித்துப் பார்க்க 25 நிமிஷம். ஒருவர் இழுத்து ஒருவர் எடுத்து ரேக்கில் வைத்தால் மணிக்கு 300 வரும் என்று வை. 400க்கு 80 நிமிஷம். ஒரு ஸ்கிரீனுக்கு 105 நிமிஷம். இரண்டு டேபிள், ஒன்பது மணி நேரம் ஓட்டினால் நாளைக்குப் பத்து ஸ்கிரீன்.

71ல் எத்தனை ஸ்கிரீன் வேலை?

இன்னொன்றும் இதிலேயே தெரியும். 100 பத்திரிகைக்காரர் வந்தால் கால்வாசி வேலைதானே என்று எடுத்துக்கொள்வோம். 25 நிமிஷ செட்டிங், 20 நிமிஷ இழுப்பு, 45 நிமிஷம் போய்விடும். கிட்டத்தட்ட பாதி வேலை, கூலி மட்டும் கால்வாசி. அந்தச் சின்ன ஆர்டரைத்தான் கோவைத் தம்பி கடைக்குத் தள்ளிவிட வேண்டும்.

---

புதுகை_அச்சகம் | 26-06-2025

ஸ்கிரீன் வேலை 40. மீதி 31 மல்டிகலர், சிவகாசியில் அடித்து வரும், மடிப்பு மட்டும் இங்கே. மினி ஆஃப்செட்டில் தபால் கவரும் பில் புக்கும்தான் ஓடும்.

40க்கு மூன்று ஸ்கிரீன் என்றால் 120. நாளைக்குப் பத்து என்றால் 12 நாள். இருந்தது 20 நாள். அப்போ டேபிள் பத்தாமல் போகவில்லை!

---

பழைய_கம்போஸிட்டர் | 26-06-2025

அதேதான். மினி ஆஃப்செட்டைப் பற்றி நான் பேசவே வேண்டாம். இன்னொன்று வாங்கினால் இரண்டும் சேர்ந்து சும்மா நிற்கும்.

இப்போ மடிப்புக்கு வா. அட்டையை மடித்து, உள் தாளை வைத்து, குஞ்சம் கட்ட, ஒரு ஆளுக்கு மணிக்கு 60 என்று வை. நாலு பேர், எட்டு மணி நேரம், 1,920. இருபது நாளைக்கு 38,400. உனக்குத் தேவைப்பட்டது 71 பெருக்கல் 400, அதாவது 28,400. இங்கேயும் சராசரியில் இடம் கிடக்கிறது. ஆனாலும் உன் பத்திரிகை அங்கேதான் நாலு நாள் கிடந்தது. ஏன்?

முதல் வாரத்தில் மடிப்புக்கு எத்தனை ஆர்டர் வந்து சேர்ந்தது? அதைப் பார்த்துச் சொல்.

---

சதீஷ்_தங்கைகல்யாணம் | 27-06-2025

சார், பத்திரிகை பற்றிப் பேசுவதால் கேட்கிறேன். தங்கச்சிக்கு ஆவணியில் கல்யாணம். 300 பத்திரிகை, ஒன்றுக்கு 15 ரூபாய்க்குள் யாராவது அடித்துத் தருவீர்களா? டெலிவரி தஞ்சாவூர்.

---

ஆண்டர்சன்தெரு_பேப்பர் | 27-06-2025

தம்பி, இது கடைக்காரங்க தலையைப் பிச்சிக்கிற இழை. 😄 தஞ்சாவூர்லயே கேளு, நல்ல கடை இருக்கு.

அது போகட்டும். எல்லாரும் மிஷின், ஆளுன்னு பேசறீங்க, அட்டையை யாருமே சொல்லலை. சாம்பிள் ஆல்பத்தைக் காட்டி ஆர்டர் எடுத்துட்டு, அட்வான்ஸும் வாங்கிட்டு, அப்புறம் எங்களுக்குப் போன் பண்றாங்க. அந்த மாடல் தீர்ந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். கஸ்டமர் எதிரிலேயே போன் பண்ணிக் கேட்டுட்டு அட்வான்ஸ் வாங்குங்க. ஆடி பொறந்ததும் ஆல்பத்துல இருந்து தீர்ந்துபோன மாடலைப் பிரிச்சு எடுத்துடுங்க. இல்லாததைக் காட்டக் காட்ட அதையேதான் கேப்பாங்க.

---

புதுகை_அச்சகம் | 27-06-2025

அண்ணே, முதல் 7 வேலை நாளில் மடிப்புக்கு வந்தது 12 ஆர்டர். மிச்ச 59ம் அடுத்த 13 நாளில்.

நல்லா ஞாபகம் இருக்கு, முதல் வாரம் அக்காமார் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கடைக்கு எதிரே மாரியம்மன் கோயில்.

---

பழைய_கம்போஸிட்டர் | 27-06-2025

இதுதான் தம்பி உன் வியாதி. 59 ஆர்டர் என்றால் 23,600 பத்திரிகை. 13 நாளில் நாலு பேரால் முடிகிறது 24,960. நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பங்கு நிரம்பிவிட்டது. யாருக்கும் காய்ச்சல் வராமல், யாரும் அரை நாள் கேட்காமல், ஒரு அட்டையும் தப்பாகாமல் இருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அது ஆடி மாசம். கூழ் ஊற்றுவது, பால்குடம், ஆடி வெள்ளி. ஒரே ஒரு அக்கா நாலு நாள் வரவில்லை என்றால் 1,920 போச்சு. மீதி 23,040. வேலை 23,600. அங்கேயே வண்டி குடை சாய்ந்துவிட்டது.

முதல் வாரம் அவர்கள் பூக் கட்டின நேரத்தைப் பின்னால் எதைக் கொடுத்தும் வாங்க முடியாது. அந்த நேரம் போனது ப்ரூஃப் ஓகே வராததால். அடிக்க வேண்டிய வேலை எல்லாம் கஸ்டமர் வீட்டு மேஜையில் கிடந்தது.

---

நெல்லை_செல்வி | 28-06-2025

நான் பதினாலு வருசமா மடிப்பு வேலைதான் எடுத்துச் செய்யுதேன். எங்க தெருவுல பன்னெண்டு வீட்டுக்குக் குடுத்து வாங்குவேன். அண்ணாச்சி கணக்கு எல்லாம் சரி, ஆனா மணிக்கு 60ங்கறது காலைல பத்து மணிக்கு. சாப்பிட்டு வந்து உக்காந்தா 55. நாலு மணிக்கு மேல 45 வந்தாலே பெரிசு. குஞ்சம் கட்டுற விரல் வலிக்கும், நூல் முடிச்சு நழுவும். அதனால 1,920ங்கற இடத்துல 1,700 போட்டுக்கோங்க. அப்ப 13 நாளைக்கு 22,100தான். நீங்க 94ன்னு சொன்னது நெசத்துல நூறைத் தாண்டிட்டு.

வெளிய குடுக்கலாமான்னு அடுத்து கேப்பீங்க. குடுக்கலாம். ஆனா சீசனுக்கு நடுவுல புது வீட்டுக்குக் குடுத்தா எண்ணிக்கை குறையும், எண்ணெய்க் கை படும், ஒண்ணு ரெண்டு தாள் தலைகீழா சொருகி வரும். ஆனியிலயே சின்ன வேலையாக் குடுத்துப் பழக்கி வைக்கணும். நான் 50, 50ஆ ரப்பர் பேண்டு போட்டுத்தான் குடுப்பேன், அப்படித்தான் திருப்பி வாங்குவேன்.

---

பழைய_கம்போஸிட்டர் | 28-06-2025

செல்வி சொல்வதுதான் சரி. நான் மேஜைக் கணக்குப் போட்டேன், அது கை கணக்கு. 1,700 என்றே வைத்துக்கொள்ளுவோம்.

அதிலும் எல்லாவற்றையும் விற்றுவிடாதே. ஐந்தில் ஒரு பங்கைச் சும்மா விடு. தப்பாகிறது, மறுபடி அடிக்கிறது, கரண்ட் பராமரிப்பு என்று ஒரு நாள் நிறுத்துவது, எல்லாம் அந்தப் பங்கில்தான் தீரும். 1,700ல் ஐந்தில் நாலு பங்கு 1,360. 400 பத்திரிகையாக வகுத்தால் நாளைக்கு 3.4 ஆர்டர். இருபது நாளைக்கு 68. ஆக நீ எடுத்த 71 பேராசை ஒன்றும் இல்லை. இருபது நாளிலும் பரவி வந்திருந்தால் ஏறக்குறைய முடித்திருப்பாய்.

இனிமேல் யாராவது எப்போ கிடைக்கும் என்று கேட்டால் கேலண்டரைப் பார்க்காதே. ஓகே ஆகிக் கடைக்குள் கிடக்கிற ஆர்டர் எத்தனை என்று எண்ணு, 3.4ஆல் வகு, மை காய ஒரு ராத்திரி சேர்த்துக்கொள். 17 ஆர்டர் கிடந்தால் ஐந்து நாளும் ஒரு ராத்திரியும். 40 கிடந்தால் பன்னிரண்டு நாள். 40 கிடக்கும்போது ஆறு நாளில் தருகிறேன் என்று சொன்னால் அது பொய், உனக்கே தெரியாத பொய்.

---

கோவை_டிஜிட்டல் | 28-06-2025

ப்ரூஃப்தான் பிரச்சினைன்னா அதுக்கு ஏன் இவ்வளவு கணக்குங்க? மேட்டர் வந்த அன்னைக்கே டைப் பண்ணி வாட்ஸ்அப்ல அனுப்புங்க. சாயங்காலத்துக்குள்ள ஓகே வந்துரும்.

---

புதுகை_அச்சகம் | 28-06-2025

ஓகே வரும் சார். பெண்ணின் தம்பி 'ஓகே அண்ணா 👍' என்று போடுவான். நாங்கள் 400 உள் தாள் அடித்து முடித்த பிறகு பெரியப்பா கடைக்கு வந்து, என் பெயர் எங்கே என்பார். போன வருஷம் நடந்தது இது. கைபேசியில் விரலால் பெரிதாக்கி மாப்பிள்ளை பெயரையும் மண்டபத்தையும் மட்டும் பார்த்திருக்கிறான். உள் தாள் அத்தனையும் குப்பைக்குப் போனது.

---

ஆண்டர்சன்தெரு_பேப்பர் | 29-06-2025

என் கஸ்டமர் ஒருத்தர் இந்த வைகாசியில் பழைய ஃபைலைத் திறந்து பெயரை மட்டும் மாத்தி அடிச்சிட்டார். 'நிகழும் மங்களகரமான குரோதி வருடம்' அப்படியே இருந்திச்சு. சித்திரையில விசுவாவசு பொறந்தது யாருக்கும் உறைக்கலை. வீட்டுக்காரங்களும் ஓகே போட்டாங்க. தாத்தா ஒருத்தர்தான் கண்டுபிடிச்சார், அதுவும் 150 பத்திரிகை கொடுத்து முடிச்ச பிறகு.

---

சதீஷ்_தங்கைகல்யாணம் | 29-06-2025

நான் தப்பான இடத்தில் கேட்டுவிட்டேன் என்று புரிந்தது, மன்னிக்கவும். ஆனால் படித்தபோது ஒன்று சொல்லத் தோன்றியது. எங்கள் வீட்டில் இப்போது ப்ரூஃப் நாலு நாளாகக் கிடக்கிறது. நாங்கள் சோம்பேறி என்பதால் அல்ல. மாப்பிள்ளை வீட்டிலிருந்து அவர்கள் பக்கப் பெயர்ப் பட்டியல் வரவில்லை. யார் பெயருக்குப் பின்னால் யார் பெயர் என்று அங்கே பேச்சு ஓடுகிறது. எங்களால் அவசரப்படுத்தவும் முடியாது, சம்பந்தி வீடு. அச்சகத்தில் முதல் நாளே, அந்த வீட்டுப் பட்டியலையும் எழுதி வாங்கி வாருங்கள், அப்புறம் டைப் செய்கிறேன் என்று கறாராகச் சொல்லியிருந்தால் எங்களுக்கும் அதைச் சாக்காக வைத்துக் கேட்க வசதியாக இருந்திருக்கும்.

---

பழைய_கம்போஸிட்டர் | 29-06-2025

தஞ்சாவூர்த் தம்பி, நீதான் இந்த இழையிலேயே உருப்படியான விஷயம் சொன்னாய். நாற்பது வருஷம் இந்த வேலையில் இருந்தும் நான் அதை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை.

புதுகைத் தம்பி, இப்படி வை. இரண்டு வீட்டுப் பட்டியலும் கையெழுத்தில் வந்தால்தான் ஜாப் நம்பர். ப்ரூஃபை வாட்ஸ்அப்பிலும் அனுப்பு, ஏ4 தாளில் பெரிய எழுத்தில் இரண்டு பிரதியும் கொடு, வீட்டுக்கு ஒன்று. திரும்பி வரும்போது இரண்டிலும் ஒவ்வொரு பெரியவர் கையெழுத்து இருக்கட்டும். வருஷம், தேதி, கிழமை, திதி, முகூர்த்த நேரம் இத்தனையும் உன் டி.டி.பி. பிள்ளை பஞ்சாங்கத்தோடு வைத்துப் பார்த்து டிக் அடிக்க வேண்டும், அது கஸ்டமர் வேலை இல்லை. அப்புறம் ரசீதில் டெலிவரி தேதி என்று நாள் போடாதே. 'ஓகே ஆன நாளிலிருந்து இத்தனை வேலை நாள்' என்று மட்டும் எழுது.

---

புதுகை_அச்சகம் | 30-06-2025

கடைசியில் சொன்னதுதான் அண்ணே இடிக்கிறது. இதே தெருவில் இன்னொரு கடை இருக்கிறது, ஐந்து நாளில் தருகிறேன் என்று போர்டே வைத்திருக்கிறார்கள். நான் தேதி சொல்லமாட்டேன் என்றால் ஆள் எழுந்து போய்விடுவார். வெள்ளிக்கிழமை காலை ராகு காலத்துக்கு முன்னால் முதல் பத்திரிகை கையில் வேண்டும் என்றுதான் வருகிறார்கள். அஷ்டமி, நவமி, செவ்வாய்க்கிழமை வாங்கமாட்டார்கள். தேய்பிறையிலும் பலர் வாங்கமாட்டார்கள். ஆக எல்லாருக்கும் அதே நாலைந்து நாள்தான். இந்த வருஷம் ஆடி அமாவாசை ஜூலை 24. அடுத்த நாளே ஆடி வெள்ளி, வளர்பிறையும் ஆரம்பம். அன்றைக்கு மட்டும் பத்துப் பன்னிரண்டு வீடு வந்து நிற்கும்.

---

நெல்லை_செல்வி | 30-06-2025

அன்னைக்கு அவுங்களுக்கு நானூறுமா வேணும்? குலதெய்வத்துக்கு ஒண்ணு, தாய்மாமன் வீட்டுக்கு, பங்காளிக்கு. அம்பது போதும். மிச்சத்தை அடுத்த வாரம் வாங்கிக்கிடுவாங்க. அம்பதை மஞ்சள் தடவித் தட்டுல வச்சுக் குடுத்துப் பாருங்க, சந்தோசமாப் போவாங்க.

பன்னெண்டு வீடு, வீட்டுக்கு 50, மொத்தம் 600. நாலு பேரு உக்காந்தா ரெண்டரை மணி நேரம், விரல் வலிச்சாலும் மூணுக்குள்ள முடிஞ்சிரும். அதே பன்னெண்டு வீட்டுக்கு முழுசாக் குடுக்கணும்னா 4,800. மூணு நாள்.

---

கோவை_டிஜிட்டல் | 30-06-2025

அப்படின்னா முதல்ல 50 அடிச்சுக் கொடுத்துட்டு, மீதியை நேரம் கிடைக்கறப்ப அடிக்கலாமேங்க?

---

பழைய_கம்போஸிட்டர் | 30-06-2025

ஐயோ, அதை மட்டும் செய்யாதே. இரண்டாம் தடவை அடிக்க மறுபடி மூன்று ஸ்கிரீன் கட்ட வேண்டும். ஆர்டருக்கு 75 நிமிஷம் கூடுதலாகப் போகும். தங்க மையும் முதல் தடவை கலந்த மாதிரி வராது, ஒரே வீட்டுப் பத்திரிகை இரண்டு நிறத்தில் இருக்கும். டேபிளில் 400ம் ஒரே மூச்சில் முடியட்டும். பிரிக்கிறது மடிப்பில் மட்டும்.

செல்வி யோசனையை நான் இத்தனை வருஷத்தில் இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தெரியாத்தனமாக அவசரக் கஸ்டமருக்கு மட்டும் செய்வோம். எல்லா ஆர்டருக்கும் அதையே வழக்கமாக வைத்தால் 'ஐந்து நாளில் தருகிறேன்' கடையோடு நீ மல்லுக்கட்ட வேண்டியதில்லை. முதல் ஐம்பதுக்குத் தேதி கொடு. மீதிக்கு நாள் கணக்குக் கொடு.

சிவகாசிக்குப் போகும் 31க்கு ஒரு எச்சரிக்கை. ஆடி 18க்கு அங்கே காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள். ஆவணிக்கு நீ தப்பித்துக்கொள்வாய், ஏனென்றால் ஆல்பம் வந்து ஆர்டர் பிடித்து மிஷினில் ஏறக் கொஞ்ச காலம் ஆகும். ஐப்பசி, கார்த்திகைக் கல்யாணத்துக்கு இதே நாள் கணக்கை நம்பாதே. அப்போது அங்கே காலண்டர் ஓடும், உன் 400 பத்திரிகைக்கு மிஷின் ஓரமாக இடம் தேட வேண்டும். மழையும் சேர்ந்துகொள்ளும். ஒரு ராத்திரியில் காய்கிற மை அப்போது காயாது. அவசரப்பட்டு அடுக்கினால் மேல் அட்டையின் தங்கம் அடுத்த அட்டையின் முதுகில் ஒட்டி வரும்.

---

புதுகை_அச்சகம் | 31-07-2025

ஒரு மாசம் கழித்து வருகிறேன், இப்போது சீசன் நடுவில் இருக்கிறேன். மிஷின் வாங்கவில்லை. அந்தப் பணத்தில் கொஞ்சத்தை எடுத்து இரண்டு வீட்டு அக்காமாருக்கு ஆனியிலேயே நோட்டீஸ் மடிக்கக் கொடுத்துப் பழக்கினேன். ஒருவர் நன்றாக வருகிறார். இன்னொருவர் எண்ணிக்கையில் ஒவ்வொரு கட்டுக்கும் இரண்டு குறைகிறது, நிறுத்திவிட்டேன்.

கல்லாவுக்குப் பின்னால் கரும்பலகையில் தினமும் காலையில் ஓகே ஆன ஆர்டர் எண்ணிக்கையை எழுதுகிறோம். இன்றைக்கு 19. ஆறு நாள் என்று சொல்லி இரண்டு பேருக்கு ஆர்டர் எடுத்தேன். பட்டியல் இல்லாமல் வந்த ஐந்து பேரைத் திருப்பி அனுப்பினேன், மூன்று பேர் பட்டியலோடு வந்தார்கள், இரண்டு பேர் வரவில்லை. எதிர்க்கடைக்குப் போயிருப்பார்கள். அது நஷ்டமா லாபமா என்று இன்னும் தெரியவில்லை.

ஜூலை 25 வெள்ளிக்கிழமை காலை 11 வீடு வந்தது. பத்தரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் எல்லாருக்கும் ஐம்பது ஐம்பது கொடுத்து முடித்தோம். ஒரு அம்மா மட்டும் முழுசும் கேட்டு முகத்தைத் தூக்கிக்கொண்டார்.

இப்போது ஒரு வழக்கு. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கையெழுத்துப் போட்ட ப்ரூஃப். உள் தாள் 400ம் அடித்தாச்சு. நேற்று சாயங்காலம் வந்து, தாத்தா பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' விட்டுப்போச்சு, அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது என்கிறார்கள். அவர்கள் எழுதிக்கொடுத்த பட்டியலிலும் இல்லை. மறுபடி அடித்தால் இரண்டு ஸ்கிரீன், தாள் செலவு, மூன்றரை மணி நேரம். யார் கொடுப்பது?

---

ஆண்டர்சன்தெரு_பேப்பர் | 31-07-2025

கையெழுத்து இருக்குல்ல, முழுசா வாங்குங்க. இல்லைன்னா எதுக்குக் கையெழுத்து?

---

பழைய_கம்போஸிட்டர் | 31-07-2025

தாள் காசு மட்டும் வாங்கு, கூலி வேண்டாம். அந்த மூன்றரை மணி நேரத்துக்குத்தானே ஐந்தில் ஒரு பங்கைச் சும்மா வைத்திருக்கிறாய். ஒரு கேள்வி: பெயர் ஒரு கலரில்தானே இருக்கிறது? அப்போ அந்தக் கலருக்கு மட்டும் 'தெய்வத்திரு' என்று ஒரு சின்ன ஸ்கிரீன் செய்து, பெயருக்கு முன்னால் இடம் இருந்தால் அடித்த தாளிலேயே சேர்த்துவிடலாம். வரி நடுவில் வைத்திருந்தால் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளித் தெரியும், அவ்வளவுதான்.

---

புதுகை_அச்சகம் | 01-08-2025

இடம் இருக்கிறது அண்ணே, அரை அங்குலம். எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கினால் நிற்கும். பத்து தாளில் அடித்து அவர்களிடம் காட்டப் போகிறேன். ஒத்துக்கொண்டால் ஒரு ஸ்கிரீனோடு போகும். காசு விஷயம் இன்னும் பேசவில்லை.

---

நெல்லை_செல்வி | 01-08-2025

காட்டுங்க. ஆனா மடிச்சுக் காட்டாதீங்க, விரிச்ச தாளாக் காட்டுங்க. மடிப்பு கரெக்டா அந்த எழுத்து மேலயே விழுந்துச்சுன்னா மறுபடியும் முதல்லருந்து.